மூன்று வரியை முழுக் கட்டுரையோடு வைத்து வாசிப்பது

"மேடம், எங்கள் ஜர்னல் கிளப்பில் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் கடைசியில் மூன்று வரி வருகிறது. எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வாங்கியாயிற்று, எழுத்துமூலம் சம்மதம் வாங்கியாயிற்று, நலன் முரண் எதுவும் இல்லை. மூன்றுக்கும் 'ஆம்' என்று டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். இதில் நிஜமாக மதிப்பிட என்ன இருக்கிறது, எப்படி மதிப்பிடுவது? அடுத்த மாதம் நம் கடற்கரையில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய கட்டுரைகளைத்தான் எடுக்கப்போகிறோம்." (ராமநாதபுரத்திலிருந்து ஒரு பொதுச் சுகாதார மாணவர்)

தம்பி, அந்த மூன்று வரியும் ஆசிரியர் தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் வாக்குமூலம். வரியை மட்டும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது உண்மையா என்று தெரியாது. அதே கட்டுரையில் வேறு இடங்களில் தேதிகள் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், பணமோ பொருளோ வந்த வழி இருக்கும். அவற்றோடு ஒத்துப் பார்த்தால்தான் வரி பேசத் தொடங்கும். சில ஆண்டுகள் ஒரு எத்திக்ஸ் கமிட்டியில் சமூக அறிவியல் உறுப்பினராக இருந்தேன். அங்கே நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இந்த ஒத்துப் பார்க்கும் பழக்கம்தான்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. வகுப்புக்காக நானே கட்டிய ஒரு கட்டுரையை வைத்துச் சொல்கிறேன். இது கற்பனை; இதிலுள்ள எண்களையும் தேதிகளையும் எங்கும் தேட வேண்டாம். பாம்பன் முதல் கீழக்கரை வரை நான்கு ஊர்களில் பாசி எடுக்கும் 120 பெண்கள். பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியாமல் இருக்க அவர்கள் வழக்கமாகத் துணி சுற்றிக்கொள்வார்கள். பாதிப் பேருக்குப் புதுவகைக் கையுறை கொடுக்கிறார்கள், மீதிப் பேர் துணிச்சுற்றோடே போகிறார்கள். மூன்று மாதம் கழித்துக் கையில் எத்தனை வெட்டுக்காயம் என்று எண்ணுகிறார்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். முடிவு: கையுறை போட்டவர்களுக்குக் காயம் குறைவு. கட்டுரையின் கடைசியில் நீங்கள் சொன்ன அதே மூன்று வரி.

முதல் வரி: "நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டது, தேதி 14 ஆகஸ்ட் 2022." குழுவின் பெயரும் தேதியும் இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல வரி. இப்போது ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். "2022 ஜூன் முதல் நவம்பர் வரை பங்கேற்பாளர்கள் சேர்க்கப்பட்டனர்" என்று இருக்கிறது. அப்படியானால் ஜூனிலும் ஜூலையிலும் சேர்க்கப்பட்ட பெண்களிடம் ஒப்புதல் வருவதற்கு முன்பே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். கமிட்டி நடந்து முடிந்த ஆய்வுக்குப் பின்தேதியில் ஒப்புதல் தர முடியாது. 'நாங்கள் தொடங்கிவிட்டோம், இனிமேல் பாருங்கள்' என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பத்தான் அது இருக்கிறது.

அடுத்து பதிவேடு. இது தலையீட்டு ஆய்வு, அதாவது ஆய்வாளரே ஒரு பிரிவுக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு. இப்படிப்பட்டவை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். கட்டுரையில் CTRI/2023/01/ என்று தொடங்கி ஆறு இலக்கத்தில் முடியும் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. எண்ணிலேயே ஆண்டும் மாதமும் தெரிகிறது: 2023 ஜனவரி. அதாவது ஆள் சேர்ப்பு முடிந்த பிறகு. ஆனால் 2018 ஏப்ரல் 1 முதல், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் வரும் ஆய்வுகளை மட்டுமே அந்தப் பதிவேடு ஏற்கிறது. அப்படியிருக்க இது எப்படி உள்ளே போனது? பதிவேட்டின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, Date of First Enrollment என்ற கட்டத்தைப் பாருங்கள். நம் கற்பனைக் கட்டுரையின் பதிவில் 2023 பிப்ரவரி என்று இருக்கிறது. பதிவேட்டிடம் ஒரு தேதியும் வாசகரிடம் வேறொரு தேதியும் சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்குச் செலவானது பத்து நிமிடம்.

இங்கே அவசரப்பட்டு 'மோசடி' என்று எழுதிவிடாதீர்கள். ஆகஸ்ட் தேதி திருத்தப்பட்ட திட்டத்துக்கானதாக இருக்கலாம், முதல் ஒப்புதல் மார்ச்சிலேயே வந்திருக்கலாம். ஜூன் மாதத்து வேலை தனி ஒப்புதல் பெற்ற முன்னோட்டமாக இருக்கலாம். சாதாரண அச்சுப்பிழையாகவும் இருக்கலாம். உங்கள் குறிப்பில் எழுத வேண்டியது, தேதிகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்பதும் எந்தெந்தத் தேதி என்பதும்தான்.

ஒப்புதல் எண்ணையும் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கடல்பாசிச் சாற்றை எலிகளில் பார்த்துவிட்டுப் பிறகு மனிதரிடம் வரும் ஆய்வுகளில், எண்ணுக்குள் IAEC என்ற எழுத்துகள் இருந்தால் அது விலங்கு ஆய்வுக் குழு எலிகளுக்குக் கொடுத்த ஒப்புதல். பெண்களுக்கான ஒப்புதல் வேறு. மனித ஆய்வுக்கான கமிட்டிகளுக்குப் பதிவு உண்டு. மருந்துச் சோதனைகளைப் பார்க்கும் கமிட்டிகள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிந்து, ECR/ என்று தொடங்கும் எண் வைத்திருக்கும். மற்ற உயிரியல், சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டிகள் 2019-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிய வேண்டும். ஆய்வு செய்த நிறுவனத்தில் கமிட்டி இல்லாமல் வேறு நிறுவனத்தின் கமிட்டி பார்த்திருந்தால் அதுவே குற்றமில்லை. உடன்படிக்கை செய்துகொண்டு அப்படிச் செய்ய வழியிருக்கிறது. 'ஒப்புதல் தேவைப்படவில்லை' என்று ஆசிரியரே சொல்லிக்கொண்டிருந்தால்தான் நில்லுங்கள். விலக்கு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்க வேண்டியதும் கமிட்டிதான்.

இரண்டாம் வரிக்குத்தான் நம் கடற்கரையை அறிந்தவர் வாசிப்பு அதிகம் தேவைப்படுகிறது. "அனைவரிடமும் எழுத்துமூலச் சம்மதம் பெறப்பட்டது." முதல் அட்டவணையைப் பாருங்கள்: 120 பேரில் 47 பேர் பள்ளிக்கே போகாதவர்கள். அவர்கள் எப்படி எழுத்துமூலம் சம்மதித்தார்கள்? படிக்கத் தெரியாதவருக்குத் தகவல் தாளை வாசித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரிந்த, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருந்து கையொப்பமிட வேண்டும், அந்தப் பெண் கைநாட்டு வைக்க வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டி நெறிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. கட்டுரையில் சாட்சி என்ற பேச்சே இல்லை.

அடுத்து நன்றியுரைக்குப் போங்கள். யாரும் வாசிக்காத பகுதி அது, எனக்கு அதுதான் முதல் பகுதி. "பங்கேற்பாளர்களை அழைத்துவந்து உதவிய பாசிக் கொள்முதல் மேற்பார்வையாளர்களுக்கு நன்றி." ஆய்வுமுறையில் இன்னொரு வரி: "பாசி எடைபோடும் இடங்களில் ஊருக்கு ஒரே நாளில் சேர்க்கை முடிந்தது." வெளியூர் வாசகர் இதைச் சாதாரணமாகக் கடந்துபோவார். நீங்கள் கடந்துபோகக் கூடாது. எடை போடுகிறவரிடம்தான் பெண்கள் முன்பணம் வாங்கியிருப்பார்கள். மகள் கல்யாணத்துக்கு, வள்ளம் பழுதுபார்க்க, கடல் இறங்காத நாட்களில் வீட்டுச் செலவுக்கு என்று வாங்கிய பணம். அந்த மேற்பார்வையாளர் கூப்பிட்டால் 'எனக்கு இஷ்டமில்லை' என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. படிக்கும் காலத்தில் ஒரு ஆய்வுக்காக எடைமேடைக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்து கையொப்பம் வாங்கியிருக்கிறேன். கைநாட்டு வைத்த பிறகு ஒரு அக்கா மெதுவாகக் கேட்டார்: "இது முன்பணக் கணக்குக்கா தாயீ? இதையும் அதுல சேத்துப் பிடிச்சுருவாகளா?" தகவல் தாளை நான் முழுதாக வாசித்துக் காட்டியிருந்தேன். அவர் காதில் விழுந்தது தாள் இல்லை, மேடைக்கு அந்தப் பக்கம் நின்றவர். அன்று வாங்கிய சம்மதங்களில் எத்தனை சம்மதம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஆய்வின் கட்டுரையிலும் "எழுத்துமூலச் சம்மதம் பெறப்பட்டது" என்றுதான் இருக்கிறது.

ஊர்த் தலைவர், சங்கம், மகளிர் குழுத் தலைவி ஆகியோரிடம் அனுமதி வாங்கி ஊருக்குள் போவது மரியாதை, பல நேரம் அவசியமும்கூட. ஆனால் அவர்கள் அனுமதி ஒரு பெண்ணின் சம்மதத்துக்கு ஈடாகாது. 2009, 2010 ஆண்டுகளில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டுப் பார்த்த திட்டத்தில் இதே சிக்கல்தான் வந்தது. ஆந்திரத்தில் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. படிவங்கள் நிரம்பியிருந்தன, கையொப்பமிட்டவர்களுக்கு அந்த உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி. கட்டுரையில் 'சம்மதம் பெறப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் வரும்போதெல்லாம் பெற்றவர் யார், கொடுத்தவர் யார் என்று எழுவாயைத் தேடுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நான்கு ஊரில் 120 பேர் என்றால் ஊருக்கு ஒரே நாளில் 30. ஆய்வுமுறையின்படி களப்பணியாளர் ஒருவர், அவருக்கு 30 பெண்கள். தகவல் தாளை வாசித்து, கேள்விக்கு இடம் கொடுத்து, கைநாட்டு வாங்கக் குறைந்தது 15 நிமிடம் என்று வைத்தால் சம்மதத்துக்கு மட்டுமே 450 நிமிடம், ஏழரை மணி நேரம். அதற்கு மேல் கேள்வித்தாள், ரத்தம் எடுப்பது. கடல் வற்றும் நேரம் பார்த்து விடியலில் இறங்கிய பெண்கள் கரையேறி, பாசியை எடைபோட்டு, பசியோடு வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அது. ஏழரை மணி நேரம் அங்கே கிடைக்காது. ஆகவே கூட்டமாக உட்காரவைத்து ஒருமுறை சொல்லிவிட்டு வரிசையாகக் கைநாட்டு வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கூட்டமாக விளக்குவது தவறில்லை. பிறகு தனித்தனியாகக் கேட்டார்களா என்பதைத்தான் கட்டுரை சொல்ல வேண்டும்.

மறுத்தவர்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள். நம் கட்டுரையில் "120 பேரை அணுகினோம், 120 பேரும் சம்மதித்தனர், மூன்று மாதத்தில் ஒருவரும் விலகவில்லை." ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் ஆய்வில் ஒருவர்கூடவா மாட்டேன் என்று சொல்லவில்லை? சம்மதம் தாராளமாகக் கிடைத்ததற்கு இதை அடையாளமாக எடுக்காதீர்கள். மறுக்க முடிகிற இடத்தில் யாராவது மறுப்பார்கள்.

படமும் வரைபடமும் இதோடு சேர்ந்தவை. கட்டுரையின் இரண்டாம் படத்தில் ஒரு பெண் முகம் தெரியப் பாசியோடு நிற்கிறார், பக்கத்தில் ஊரின் பெயரோடு அவர்கள் பாசி எடுக்கும் இடங்களின் வரைபடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டவை. அங்கே போய்ப் பாசி எடுப்பது வனத்துறை தடைசெய்த காரியம். பரம்பரையாக எடுத்துவந்த பெண்களுக்கு அதனால் வந்த தொல்லை உங்களுக்கும் தெரியும். முகமும் ஊரும் தீவும் ஒரே பக்கத்தில் வந்தால் அந்தப் பெண்ணை யாரும் அடையாளம் காணலாம். ஆய்வில் கலந்துகொள்ளச் சம்மதிப்பது ஒன்று, தன் படத்தை வெளியிடச் சம்மதிப்பது வேறொன்று. இரண்டாவதைக் கட்டுரை தனியாகச் சொல்லவில்லை என்றால் வாங்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு கேள்வி எழுப்புங்கள். கையுறை ஆய்வுக்கு அந்த வரைபடம் எதற்கு என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

மூன்றாம் வரி: "ஆசிரியர்களுக்கு நலன் முரண் எதுவும் இல்லை. வெளி நிதி பெறப்படவில்லை." ஆய்வுமுறையில் "கையுறைகள் இலவசமாக வழங்கப்பட்டன" என்று இருக்கிறது, வழங்கியவர் பெயர் இல்லை. பதிவேட்டுக்குத் திரும்பிப் போனால் Source of Monetary or Material Support என்று ஒரு கட்டம் இருக்கும். பணம் மட்டுமல்லாமல் பொருளையும் அது கேட்கிறது. அங்கே கையுறை செய்யும் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. முதல் பக்கத்தில் மூன்றாம் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரியும் அதே நிறுவனத்துடையது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் படிவம் இந்த ஆய்வுக்குக் கிடைத்த எந்த உதவியையும் கால வரம்பில்லாமல் கேட்கிறது. ஆய்வுக்கு வெளியே உள்ள தொடர்புகளைக் கடந்த 36 மாதங்களுக்குக் கேட்கிறது. இலவசக் கையுறை உதவிதான், நிறுவன வேலை தொடர்புதான். ஆசிரியர்களின் முந்தைய கட்டுரைகளில் இதே வரியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள், அங்கே சொன்னதை இங்கே மறந்திருப்பார்கள். கையுறைக்குக் காப்புரிமை கேட்டிருக்கிறார்களா என்பதை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் பெயர் போட்டுப் பார்க்கலாம்.

முரண் இருப்பதைக் கண்டுபிடித்ததோடு மாணவர்கள் பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அது ஆய்வின் எந்த இடத்தைத் தொட்டிருக்கும் என்று தேடும்போதுதான் மதிப்பீடு தொடங்குகிறது. கையுறை விற்கிறவருக்கு எந்தக் கேள்வி பிடிக்காது? பாறையிடுக்கில் மரிக்கொழுந்தை விரல்நுனியால் தடவிப் பிய்க்க வேண்டும். தடித்த கையுறையோடு வேலை மெதுவாகும். நம் பெண்கள் பாசி வளத்தைக் காக்க மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள், அந்த நாட்களில் கிலோ குறைந்தால் வருமானம் நேராக அடிவாங்கும். ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்பதை அளக்காமல் கையுறை நல்லதா என்று சொல்லவே முடியாது. கட்டுரையில் அந்த அளவு இல்லை. எடைமேடையிலேயே ஆள் சேர்த்தவர்களுக்கு எடையைக் குறித்துக்கொள்வது கஷ்டமில்லை. காயத்தை எண்ணியவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியுமா என்பதையும் பாருங்கள். நிறுவன ஆள் எண்ணியிருந்து, பிரிவும் தெரிந்திருந்தால், 'காயம் குறைவு' என்ற முடிவின் மேல் நம்பிக்கை குறைகிறது.

நலன் முரண் இருப்பதாலேயே கட்டுரை பொய்யாகிவிடாது. நிறுவனத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லி, பகுப்பாய்வை வெளியார் கையில் விட்டு, பாதகமான அளவுகளையும் வெளியிட்ட ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றை மதிக்க வேண்டும். நம் கற்பனைக் கட்டுரையில் தொடர்பு மறைக்கப்பட்டிருக்கிறது, அது தொட்டிருக்கக்கூடிய இடத்தில் ஒரு முக்கிய அளவும் காணாமல் போயிருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

மதிப்பீட்டுப் படிவத்தில் எங்கே எழுதுவது என்ற குழப்பம் வரும். ஒப்புதல் தாமதமாக வந்தது என்பதற்காகப் பிறழ்ச்சி அபாயத்தை, அதாவது முடிவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் ஆபத்தை, 'அதிகம்' என்று குறிக்காதீர்கள். ஆகஸ்டுக்கு முன் சேர்ந்தவர்களிடம் எண்ணிய காயம் அதனால் தவறான எண்ணிக்கையாகிவிடாது. அதை நெறிமுறைக் குறிப்பாகத் தனியே எழுதுங்கள். பிறழ்ச்சியோடு சேர்க்க வேண்டியவை வேறு. மேற்பார்வையாளர் அழைத்துவந்த பெண்கள் மட்டுமே சேர்ந்ததால் முன்பணம் வாங்காத பெண்கள் ஆய்வுக்குள் வரவில்லை. அது சேர்க்கையின் குறை. விடப்பட்ட கிலோக்கணக்கு, பிரிவு தெரிந்து எண்ணியது இரண்டும் அளவீட்டின் குறைகள். பழைய கட்டுரைகளை எடுத்தால் அந்தக் காலத்து விதியை வைத்துப் பாருங்கள். ஐ.சி.எம்.ஆரின் வழிகாட்டி நெறிகள் 2000, 2006, 2017 என்று வளர்ந்தவை. 1990-களில் வந்த ஒரு கட்டுரையில் பதிவேட்டு எண் இல்லை என்று குறை சொல்ல முடியாது, அன்று அந்தப் பதிவேடே இல்லை.

கடைசியாக, சொல்லாததும் செய்யாததும் ஒன்றல்ல. இதழ்களில் இடக் குறைவால் சாட்சி பற்றிய வரி வெட்டப்பட்டிருக்கலாம். ஆகவே தொடர்பு ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், மூன்றே கேள்வியோடு. முதல் ஒப்புதல் கடிதத்தின் தேதி என்ன, ஆள் சேர்ப்பு எந்தத் தேதியில் தொடங்கியது? படிக்கத் தெரியாத 47 பேரின் சம்மதத்துக்குச் சாட்சியாக இருந்தவர் யார், மேற்பார்வையாளரா வெளியாளா? கையுறையை வழங்கியது யார், மூன்றாம் ஆசிரியருக்கு அவர்களோடு என்ன தொடர்பு? வெற்றுச் சம்மதப் படிவத்தின் தமிழ்ப் பிரதியையும் கேளுங்கள். நேர்மையாகச் செய்தவர்கள் பெரும்பாலும் தயங்காமல் அனுப்புவார்கள். அதைப் பாசி எடுக்கும் ஒரு அக்காவிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டால், அந்த இரண்டாம் வரியைப் பற்றி எந்தப் படிவமும் சொல்லாததை அவர் சொல்வார்.

ஒரு மாதம் போல் பொறுத்தும் பதில் வராவிட்டால் தேதி முரணையும் மறைக்கப்பட்ட தொடர்பையும் பதிவேட்டுப் பக்கத்தின் நகலோடு இதழாசிரியருக்கு எழுதுங்கள். நிறுவனத்தை விசாரிக்கச் சொல்லும் வழிமுறை அவர்களிடம் உண்டு, விசாரிப்பது அவர்கள் வேலை. உங்கள் ஜர்னல் கிளப் ஏட்டில் 'ஆம்' இருந்த இடத்தில் கண்டதை அப்படியே எழுதுங்கள்: ஒப்புதல் ஆகஸ்ட், சேர்க்கை ஜூன், பதிவேட்டில் பிப்ரவரி, ஆசிரியரிடம் கேட்டோம், பதில் இன்னும் வரவில்லை.